740-இல் ஒலிக்கும் குழாய், அதற்குள் இல்லாத 740

93 செ.மீ. நீளமுள்ள ஓர் அலுமினியக் குழாய் இப்போது கீபோர்டின் நாலரைக் கட்டையோடு ஒட்டி ஒலிக்கிறது. கீபோர்டில் அந்தக் கட்டைக்கு அதிர்வெண் 740 ஹெர்ட்ஸ். குழாயைத் தட்டினால் காதுக்கும் 740 என்றுதான் படுகிறது. ஆனால் பதிவு செய்து, எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று காட்டும் அலைமாலையைப் பார்த்தால் 173, 474, 915, 1480 என்று முகடுகள் வருகின்றன. 740 பக்கம் ஒன்றும் இல்லை. குழாய் மணி செய்ய நினைத்து ஆரம்பித்த வேலை, இந்தப் புதிரை அவிழ்க்காமல் முடியாது என்று ஆகிவிட்டது. செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்டது வெளிவிட்டம் 25 மி.மீ., சுவர்த் தடிமன் 1.5 மி.மீ. உள்ள குழாய். சரியாக 1 மீட்டருக்கு வெட்டினேன். ஆக்சா பிளேடு போதும். ஆனால் குழாயைச் சுற்றி ஒரு தாளை ஒட்டி, அதன் விளிம்பை வழிகாட்டியாக வைத்து அறுத்தால்தான் வெட்டு நேராக வரும். வெட்டிய இடத்தில் உள்ளேயும் வெளியேயும் நிற்கும் பிசிறை அரத்தால் எடுத்துவிட வேண்டும். பிசிறு நூலை அறுக்கும் என்பது ஒரு காரணம். தொங்கிக்கொண்டிருக்கும் பிசிறு மெல்லிய இரைச்சலாகக் கிறீச்சிடும் என்பது இன்னொன்று.

தொங்கவிடும் துளை எங்கே? இரு முனையும் எதையும் தொடாமல் இருக்கும் தண்டு தன் முதல் அதிர்வில் வில்லாக வளையும்போது, இரண்டு இடங்கள் மட்டும் அசையாமல் நிற்கும். அந்தக் கணுக்கள் ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 22.4 விழுக்காடு தள்ளி இருக்கின்றன. 1 மீட்டருக்கு 22.4 செ.மீ. அங்கே குறுக்காக 2 மி.மீ. துளை போட்டுத் தூண்டில் நரம்பைக் கோத்துத் தொங்கவிட்டேன். கணுவைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. குழாயைப் படுக்க வைத்து, இரண்டு ஸ்பாஞ்சுத் துண்டுகளை அடியில் கொடுத்து, தட்டிக்கொண்டே ஸ்பாஞ்சை நகர்த்துங்கள். கணுவுக்கு வரும்போது ஒலி நீளும், விலகினால் சட்டென்று செத்துவிடும்.

அடுத்தது பதிவு. போனை ஒரு சாண் தூரத்தில் வைத்து, மரக் கட்டையால் குழாயின் முனையருகே தட்டிப் பதிந்தேன். எல்லா அதிர்வுகளிலும் முனை நன்றாக அசையும் இடம், அதனால் அங்கே தட்டினால் எல்லாமே எழும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் கோப்பைத் திறந்து, தட்டிய கணத்தைக் கொஞ்சம் விட்டுவிட்டு மீதியைத் தேர்ந்தெடுத்து, `Analyze` > `Plot Spectrum`. அங்கே `Size` என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதை 2048-இல் விட்டால் அடுத்தடுத்த புள்ளிகள் 21.5 ஹெர்ட்ஸ் இடைவெளியில் விழும். சுருதி சேர்க்கும் வேலைக்கு அது உதவாது. 65536 வைத்தால் இடைவெளி 0.67 ஹெர்ட்ஸ். அதற்கு விலையும் உண்டு: அவ்வளவு மாதிரிகள் சேர ஒன்றரை நொடி ஒலி வேண்டும், அதற்குள் மேல் அதிர்வுகள் பாதி தேய்ந்திருக்கும். அதனால் கீழ் முகடுகளை 65536-இலும் மேல் முகடுகளை 16384-இலும் தனித்தனியாகப் படித்தேன்.

ஒரு மீட்டர் குழாயில் கிடைத்த ஆறு முகடுகள்: 150, 411, 795, 1290, 1890, 2580 ஹெர்ட்ஸ்.

ஒரு தந்தியைச் சுண்டியிருந்தால் 150, 300, 450, 600 என்று வந்திருக்கும். இங்கே இரண்டாவது எண்ணே முதலைப் போல் 2.74 மடங்கு. மூன்றாவது 5.3 மடங்கு. முழு எண்ணாக எதுவும் இல்லை. அளவையில் பிழையோ என்று குழாயைத் திருப்பித் தொங்கவிட்டு, வேறு இடத்தில் தட்டி, வேறு போனில் பதிந்து பார்த்தாலும் அதே முகடுகள். உயரம் மாறுகிறது, இடம் மாறவில்லை.

காரணம் இதுதான். தந்தியை அதன் இடத்துக்குத் திரும்ப இழுப்பது அதன் இறுக்கம். அலையின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பாகும், அவ்வளவுதான்; அதனால் தந்தியின் மேற்சுரங்கள் 1, 2, 3 என்று ஒழுங்காக அடுக்கி வருகின்றன. குழாயை யாரும் இழுத்துப் பிடிக்கவில்லை. வளைந்ததும் அதை நிமிர்த்துவது உலோகத்தின் விறைப்பு. அலை நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு பல மடங்கு கூர்மையாகிறது, விறைப்பு அதைவிடக் கடுமையாக எதிர்க்கிறது, அதிர்வெண் நான்கு மடங்காகிறது. இரட்டிப்பு வர்க்கமாக மாறிவிடுகிறது. இரு முனையும் விடுபட்ட தண்டில் அடுத்தடுத்த அதிர்வுகள் ஏறக்குறைய 3, 5, 7, 9, 11, 13 என்ற ஒற்றைப்படை எண்களின் வர்க்கங்களைப் போல உயர்கின்றன: 9, 25, 49, 81, 121, 169. முதல் எண்ணில் மட்டும் சின்னத் திருத்தம் உண்டு. திருத்தினால் விகிதங்கள் 1, 2.76, 5.40, 8.93, 13.34, 18.64.

இதை 150-ஆல் பெருக்கி என் அளவைகளோடு ஒப்பிட்டேன். கணக்கு 413 என்கிறது, அளந்தது 411, நல்ல பொருத்தம். அடுத்து 811-க்கு 795. அப்புறம் 1340-க்கு 1290, 2002-க்கு 1890, கடைசியாக 2796-க்கு 2580. மேலே போகப் போக அளந்த எண் கீழே வழுகுகிறது, கடைசியில் கிட்டத்தட்ட 8 விழுக்காடு. இது கருவியின் பிழை இல்லை. மெல்லிய கம்பிக்கான சூத்திரம் அது. என் குழாய் 25 மி.மீ. தடிமன். ஆறாம் அதிர்வில் அலைகள் குறுகிப்போய், வளைவதோடு குழாயின் வெட்டுமுகங்கள் ஒன்றின்மேல் ஒன்று நழுவவும் செய்கின்றன. அந்த நெகிழ்வு விறைப்பைக் குறைக்கிறது, அதிர்வெண் இறங்குகிறது. இதே நீளத்தில் 12 மி.மீ. குழாயாக இருந்தால் வழுக்கல் மிகக் குறைவாக இருக்கும்.

இனி சுருதி சேர்ப்பது. கீபோர்டின் மூன்று கட்டைக்கு, அதாவது 164.8 ஹெர்ட்ஸுக்கு, முதல் அதிர்வைக் கொண்டுவரலாம் என்று கணக்குப் போட்டேன். அதிர்வெண் நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ், ஆகவே 100 செ.மீ.-ஐ 95.4-ஆக வெட்ட வேண்டும். வெட்டினேன். அலைமாலையில் முதல் முகடு 165-இல் வந்து உட்கார்ந்தது. கீபோர்டில் மூன்று கட்டையை அழுத்திக்கொண்டே குழாயைத் தட்டினால், சேரவே இல்லை. குழாய் நாலு கட்டைக்கும் சற்று மேலே கூவியது. ஸ்தாயி மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்ததில் 705 ஹெர்ட்ஸ் அருகே மட்டும்தான் ஒட்டியது.

705-இன் இரண்டு மடங்கு 1410. 95.4 செ.மீ. குழாயின் நான்காம் அதிர்வு 1411. அங்கேதான் பிடி கிடைத்தது. ஒரு மீட்டர் குழாயின் எண்களுக்குத் திரும்பிப் போனால், நான்காம், ஐந்தாம், ஆறாம் அதிர்வுகள் 1290, 1890, 2580. இவற்றை 645-ஆல் வகுத்தால் 2, 2.93, 4. அதாவது கிட்டத்தட்ட 2, 3, 4. காது இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்கும்போது, இவை ஏதோ ஒரு சுரத்தின் இரண்டாம், மூன்றாம், நான்காம் சீரிசைகள், அதாவது அதன் சரியான முழு மடங்குகள், என்று எடுத்துக்கொண்டு, இல்லாத அந்த ஒன்றை, 645-ஐ, சுருதியாக அறிவிக்கிறது. சின்ன ஸ்பீக்கரில் கனத்த ஆண் குரலைக் கேட்கும்போதும் இதுதான் நடக்கிறது. அடிச்சுரத்தை அந்த ஸ்பீக்கர் சரியாகத் தருவதே இல்லை, நாம் மேற்சுரங்களிலிருந்து அதை ஊகித்துக்கொள்கிறோம். ஆர்க்கெஸ்ட்ராவில் தொங்கும் குழாய் மணிகளின் சுருதியும் நான்காம் அதிர்வுக்கு ஒரு ஸ்தாயி கீழேதான் கேட்கும்.

அப்படியானால் காதில் சத்தமாக விழ வேண்டிய 150 எங்கே போயிற்று? அது இருக்கிறது, ஆனால் பலவீனமாக. 25 மி.மீ. அகலமுள்ள குழாய், இரண்டு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஒலியலையைக் காற்றில் தள்ள முடியாது. ஒரு பக்கம் தள்ளிய காற்று மறுபக்கம் சுற்றிப் போய்விடுகிறது. காதும் 150-ஐவிட 1300 பக்கம்தான் கூர்மை. ஆக, குழாயின் முதல் அதிர்வு அதன் சுருதியைத் தீர்மானிப்பதில் கிட்டத்தட்டப் பங்கே எடுப்பதில்லை.

இதை நம்பிவிடாமல், அதே அளவில் ஒரு மீட்டருக்கு வெட்டிய இன்னொரு துண்டை வைத்து மூன்று விதமாகச் சோதித்தேன்.

முதலில் ஸ்பீக்கர். போனில் தூய சைன் ஒலி எழுப்பும் செயலியை வைத்து, ஸ்பீக்கரைக் குழாயின் முனையருகே பிடித்து, அதிர்வெண்ணை மெல்ல நகர்த்தினேன். 411, 795, 1290 ஒவ்வொன்றிலும் ஸ்பீக்கரை நிறுத்திய பிறகும் குழாய் தானாக முனகிக்கொண்டிருக்கும். காதை ஒட்டி வைத்தால் தெளிவாகக் கேட்கும். 645-இல் நிறுத்தினால் மௌனம். இதில் ஒரு குழப்பத்துக்கு இடமுண்டு. குழாய்க்குள் இருக்கும் காற்றுக்கும் தனி ஒத்திசைவு உண்டு, ஒரு மீட்டர் திறந்த குழாயில் அது சுமார் 169, 338, 507, 676 என்று வரும். 676-இல் ஸ்பீக்கர் ஒலி திடீரெனப் பெருகுவதைக் கேட்டு, உலோகம் பாடுகிறது என்று நினைத்துவிடலாம். வேறுபடுத்துவது எளிது: காற்றின் ஒலி ஸ்பீக்கரோடு சேர்ந்தே நின்றுவிடும், உலோகத்தின் ஒலி நீளும். சந்தேகமிருந்தால் உள்ளே நடுவில் ஒரு சின்னப் பஞ்சு உருண்டையைத் தள்ளிவிடலாம்.

இரண்டாவது விரல். குழாயின் சரி மத்தியில் இரு விரலால் மெதுவாகப் பிடித்துக்கொண்டு முனையில் தட்டினால், மத்தியில் அசையும் 1, 3, 5-ஆம் அதிர்வுகள் செத்துவிடும். மத்தியைக் கணுவாகக் கொண்ட 411, 1290, 2580 பிழைக்கும். இப்போது 1890 இல்லை. 645 காணாமல் போய், சுருதி ஒரு ஸ்தாயி மேலே 1290-க்குத் தாவிவிடுகிறது. விரலை எடுத்துவிட்டு மறுபடி தட்டினால் இறங்கி வருகிறது. எந்தக் கருவியும் இல்லாமல் இந்த விஷயத்தைக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது கணினி. அளந்த ஆறு எண்களையும் அப்படியே சைன் அலைகளாகக் கூட்டினால் குழாய் மாதிரியே ஒலிக்க வேண்டும் அல்லவா?

```python
import numpy as np
from scipy.io import wavfile

sr = 44100
t = np.arange(sr * 5) / sr
# அதிர்வெண், வலிமை, தேயும் நேரம் (நொடி)
parts = [(150, 0.3, 4.0), (411, 0.6, 3.0), (795, 0.7, 2.0),
         (1290, 1.0, 1.2), (1890, 0.8, 0.8), (2580, 0.6, 0.5)]
y = sum(a * np.exp(-t / d) * np.sin(2 * np.pi * f * t)
        for f, a, d in parts)
wavfile.write("kuzhai.wav", sr,
              (y / abs(y).max() * 32000).astype(np.int16))
```

வலிமையும் தேயும் நேரமும் நான் காதால் சரிசெய்த எண்கள், அளந்தவை அல்ல. இருந்தாலும் கேட்டவுடன் உலோகக் குழாய் என்று தெரிகிறது. முதல் மூன்றை அழித்துவிட்டு ஓட்டினால் ஒலி மெலிகிறது, ஆனால் 645 அப்படியே நிற்கிறது. பின் மூன்றை அழித்தால் 645 போய்விடுகிறது. என்ன சுருதி என்று பாடிக் காட்ட முடியாத ஒரு முனகல்தான் மிஞ்சுகிறது. முதல் இரண்டை அழித்துவிட்டு, மீதி நான்கின் வலிமையையும் தேய்வையும் தொடாமல், அதிர்வெண்களை மட்டும் 645, 1290, 1935, 2580 என்று ஒழுங்கான மடங்குகளாக மாற்றிப் பாருங்கள். உலோகம் மறைந்துவிடும். சுண்டிய தந்திக்கும் மலிவான எலக்ட்ரானிக் ஆர்கனுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று வரும். சீரிசைகளாக இருந்தால் காது எல்லாவற்றையும் உருக்கி ஒரே குரலாக்கிவிடுகிறது. அரைகுறையாகப் பொருந்தினால், சுருதி என்று ஒன்றையும், அதோடு ஒட்டாமல் தனித்து மிதக்கும் இரண்டு மூன்று சுரங்களையும் ஒரே நேரத்தில் கேட்கிறோம். மணித்தன்மை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த ஒட்டாமைதான். 1890 இருக்க வேண்டிய 1935-ஐவிட ஏறக்குறைய 41 சென்ட் தாழ்வு, கிட்டத்தட்ட அரைச் சுரத்தில் பாதி. அதனால்தான் குழாயின் சுருதி தந்தியைப் போல ஊசிமுனையில் நிற்காமல் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது.

சரி, சுருதியைத் தீர்மானிப்பது நான்காம் அதிர்வு என்று தெரிந்த பிறகு வேலை சுலபம். 95.4-ஆக வெட்டிய குழாயை நீட்ட முடியாது, சுருக்கத்தான் முடியும். மேலே இருக்கும் அடுத்த நல்ல இலக்கு நாலரைக் கட்டை, 740. நான்காம் முகடு 1480-க்கு வர வேண்டும். வர்க்கக் கணக்கு 93.2 செ.மீ. என்றது. 93.6-இல் அறுத்து, மீதியை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். இந்த நீளத்தில் 1 மி.மீ. குறைத்தால் சுருதி சுமார் 4 சென்ட் ஏறுகிறது, காதுக்குத் தெரியாத அளவு. ஆகவே அவசரப்படாமல் தேய்க்கலாம். ஒவ்வொரு முறையும் குழாய் கைச்சூட்டிலிருந்து ஆறிய பிறகே அளக்க வேண்டும், சூடான உலோகம் விறைப்பு குறைந்து தாழ்வாக ஒலிக்கும். 93.2-இல் இன்னும் இலேசாகத் தாழ்வாகவே இருந்தது. குட்டையான குழாயில் அந்த வழுக்கல் இன்னும் கூடுகிறது என்பதால் வர்க்கக் கணக்கு எப்போதும் சற்றே நீளமாகச் சொல்லும். 93 செ.மீ.-இல் 1480 கிடைத்தது.

தட்டும் கட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை மாற்றினால் சுருதியே மாறுகிறது. ரப்பர் பந்தைக் குச்சியில் குத்தித் தட்டினால் அது சில மில்லிநொடி குழாயில் ஒட்டிக்கொண்டிருக்கும். 1290 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்றை 0.8 மில்லிநொடியில் முடித்துவிடுகிறது. பந்து விலகுவதற்குள் அந்த அதிர்வு பல தடவை வந்து போய், பந்தே அதை அமுக்கிவிடுகிறது. எழுவது முதல் இரண்டு அதிர்வுகள் மட்டும். தூரத்து 'பூம்' போலக் கேட்கும், நாலரைக் கட்டை எங்கும் இல்லை. வெறும் உலோகத்தால் தட்டினால் ஆறாவதுக்கும் மேலே உள்ளவை எல்லாம் கிளம்பி, காதைக் குத்துகிறது. கெட்டி மரத்தில் ஒரு சுற்றுத் தோல் ஒட்டியது எனக்கு ஒத்துவந்தது. ஒலி நீளும்போதும் இதே கதைதான் மெதுவாக நடக்கிறது. மேல் அதிர்வுகள் முதலில் தேய்வதால், தட்டியதும் கேட்கும் 740 ஓரிரு நொடியில் கரைந்து, கடைசியில் 474-உம் 173-உம் மட்டும் ரீங்கரிக்கின்றன. நாலரைக் கட்டைக்கும் அவற்றுக்கும் எந்த உறவும் கிடையாது.

இந்த இடத்தில்தான் வார்ப்பு மணி செய்பவர்கள் மேல் மரியாதை வந்தது. கிண்ண வடிவ மணியிலும் விளிம்பு வளைந்து வளைந்து அதிர்கிறது, அங்கேயும் விறைப்புதான் ஆட்சி, அதனால் அங்கேயும் மேற்சுரங்கள் தாமாக முழு எண்ணில் விழாது. ஆனால் குழாயில் மாற்றுவதற்கு நீளம் ஒன்றுதான் உண்டு, அதை வெட்டினால் எல்லாம் சேர்ந்தே நகரும். மணியில் சுவரின் தடிமனை உயரத்துக்கு உயரம் மாற்றலாம். எந்த இடத்தில் உலோகத்தைச் சீவுகிறோம் என்பதைப் பொறுத்து, ஒரு அதிர்வு அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் இறங்கும். ஐரோப்பிய கோபுர மணிகளை வார்த்த பிறகு கவிழ்த்து வைத்து, உட்புறத்தைக் கடைந்து, முதல் ஐந்து அதிர்வுகளையும் தனித்தனியாகச் சேர்க்கிறார்கள்: காதில் விழும் சுருதியை 1 என்று வைத்தால் 0.5, 1, 1.2, 1.5, 2. மேலே இன்னும் 3-க்கும் 4-க்கும் அருகில் இரண்டு. இங்கேயும் சுருதியைக் காது ஊகிப்பது அந்த 2, 3, 4-இலிருந்துதான். 1-இல் உண்மையான அதிர்வு ஒன்று இருப்பது அதை உறுதிப்படுத்துகிறது.

நெதர்லாந்தில் ஹெமொனி சகோதரர்கள் 1644-இல் சுட்ஃபென் நகரத்துக்கு வார்த்த மணிகள்தான் இப்படி நுணுக்கமாகச் சுருதி சேர்க்கப்பட்ட முதல் மணித்தொகுதி என்று சொல்வார்கள். அவர்களுக்குத் துணைநின்ற யாகோப் ஃபான் ஐக் பார்வையற்ற இசைக்கலைஞர். மணியின் அருகில் சீழ்க்கை அடித்து, மேற்சுரங்களை ஒவ்வொன்றாக எழுப்பிக் காட்டுவாராம். நான் போனை வைத்துச் செய்ததை அவர் உதட்டால் செய்திருக்கிறார்.

மேலே உள்ள நிரலில் எண்களை 645-இன் 0.5, 1, 1.2, 1.5, 2, 2.5, 3, 4 மடங்குகளாக மாற்றி, தேயும் நேரத்தை 0.5-க்கு மிக நீளமாகவும் மேலே போகப் போகக் குறுகலாகவும் வைத்தால் கோபுர மணி வந்துவிடும். அதில் 1.2 என்பது சாதாரண காந்தாரம். இப்படிச் சேர்த்த எந்தக் கோபுர மணியும் தனியாக ஒலிக்கும்போதே கொஞ்சம் சோகமாகக் கேட்பதற்கு அதுவே காரணம். அந்த ஒரு எண்ணை மட்டும் 1.25 ஆக்கி, அந்தர காந்தாரமாக மாற்றி ஓட்டிப் பாருங்கள். மணி என்றே தோன்றும், ஆனால் முகம் மாறியிருக்கும். இதை உலோகத்தில் கொண்டுவர 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினியால் வடிவத்தைத் தேடிக் கண்டுபிடித்து, நடுவில் வயிறு புடைத்த ஒரு மணியை வார்த்தார்கள். பழைய வடிவத்தைச் சீவிச் சீவி அந்த எண்ணுக்கு வர முடியாது.

என் பக்கம் திரும்பினால், ஒரு குழாய் சரியானதும் அதற்குப் பஞ்சமமாக இன்னொன்று செய்தேன். கணக்கு 75.9 செ.மீ. என்றது, முன்போலவே அதைவிடக் குட்டையாக 75 செ.மீ. அருகில்தான் சேர்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் அழகான பஞ்சமம். சேர்த்துத் தட்டினால் உரசல். தந்தியில் சட்சமத்தின் மூன்றாம் சீரிசையும் பஞ்சமத்தின் இரண்டாம் சீரிசையும் ஒரே இடத்தில் விழுந்து கட்டிப்பிடித்துக்கொள்ளும். இங்கே பெரிய குழாயின் 1480-க்குப் பக்கத்தில் சின்னதின் மூன்றாம் அதிர்வு 1375-இல் நிற்கிறது; இரண்டும் ஒன்றையொன்று சுரண்டுகின்றன. சுருதி சுத்தமாக இருந்தும் இப்படித்தான் வரும், மேலும் தேய்த்துப் பயனில்லை. மென்மையான கட்டையால் தட்டி மேல் அதிர்வுகளைக் குறைத்தால் உரசல் அடங்கும், ஆனால் சுருதியும் மங்கும். இரண்டையும் சேர்த்துத் தட்டாத மெட்டுகளைத் தேர்ந்தெடுப்பதுதான் நான் கண்ட வழி.

இன்னொரு சங்கடம், ஒலி நீளும்போது வரும் 'வா-வா' என்ற அலைவு. துளை போட்ட திசையிலும் அதற்குக் குறுக்குத் திசையிலும் குழாயின் விறைப்பு மயிரிழை வேறுபடுகிறது. இரண்டாம் அதிர்வு ஒன்றாக இல்லாமல் முக்கால் ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டாகப் பிளந்திருந்தது. சாய்வாகத் தட்டினால் இரண்டும் எழுந்து, சுமார் 1.3 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். துளையின் நேர்க்கோட்டிலோ அதற்குச் சரி குறுக்காகவோ தட்டினால் ஒன்று மட்டும் எழும், அலைவு நின்றுவிடும். குழாயைச் சுற்றி இருபது டிகிரிக்கு ஒருமுறை பென்சிலால் குறித்துத் தட்டிப் பார்த்து, அமைதியான கோட்டைக் கண்டுபிடித்து, அதில் ஒரு புள்ளி வைத்துவிட்டேன்.

அடுத்த குழாயில் முதலிலேயே நான்காம் அதிர்வை இலக்காக வைப்பேன். ஒரு மீட்டர் துண்டைத் தட்டி நான்காம் முகட்டை அளந்து, அதிலிருந்து நீளத்தைக் கணக்கிட்டு, 5 மி.மீ. அதிகமாக விட்டு அறுப்பதே போதும். துளை கடைசியில். முதலில் 22.4 செ.மீ.-இல் போட்ட துளை, ஒரே முனையில் வெட்டிக்கொண்டே வந்ததால் இப்போது ஒரு பக்கம் 24 விழுக்காட்டில் நிற்கிறது, முதல் அதிர்வின் ரீங்காரம் அதனால் குறுகிவிட்டது. அதற்குள் சுருதியைத் துளையில்லாமலே சேர்க்க, முன்பு கணுவைத் தேடிய அதே இரண்டு ஸ்பாஞ்சுத் துண்டுகள் மேல் குழாயைப் படுக்க வைத்துத் தட்டினால் ஆயிற்று. மேல் முனையில் ஒரு உலோக அடைப்பு வைத்தும் பார்க்க வேண்டும். முனையில் ஏறும் எடை எல்லா அதிர்வுகளையும் ஒரே அளவில் இறக்காது என்பதால், 2.93-ஐ மூன்றுக்குப் பக்கத்தில் தள்ள முடியுமா என்று தெரிந்துவிடும். அதற்கு 24 மி.மீ. கம்பியிலிருந்து 21.9-க்குக் கடைந்த ஒரு துண்டு வேண்டும், கடைசல் இயந்திரம் கிடைக்கும்வரை அது நிற்கிறது.